பெர்மிட் யார் பேரில் இருக்கிறது?

ஒரு காலத்தில் தோட்டத்தில் ஆள் எடுப்பதென்றால் கங்காணியின் வாய்ச்சொல்லே போதும். காலைப் பெரட்டில் வந்து நின்றவனின் பேர் செக்ரோலில் ஏறிவிடும்; மறுநாள் முதல் அவன் வேலைக்காரன். கையில் என்ன கார்டு இருக்கிறது, எந்த ஊரில் பிறந்தான் என்று யாரும் துருவிக் கேட்டதில்லை. அந்தப் பழக்கத்துக்கு 1969-ஆம் ஆண்டில் முற்றுப்புள்ளி விழுந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுத்தாக வேண்டும் என்று சட்டம் வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த நம்மவர்கள் தோட்டம் தோட்டமாகக் கலங்கிப் போனார்கள். பெர்மிட் கிடைக்காமலும், கிடைத்தாலும் எத்தனை நாளைக்கு என்ற பயத்திலும், ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளுடன் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். இன்று எழுபது வயதைத் தாண்டிய நம் வாசகர்களுக்கு இதை நினைவூட்ட வேண்டியதில்லை.

காலம் எப்படித் திரும்புகிறது பாருங்கள். அன்று பெர்மிட்டைக் கையில் ஏந்தி நின்றவர்களின் பிள்ளைகளில் பலர் இன்று சின்னச் சின்ன முதலாளிகள். ஒருவர் பட்டணத்தில் ஒட்டுக்கடை வைத்திருக்கிறார். இன்னொருவர் முடிதிருத்தகம் நடத்துகிறார். வேறொருவர் ஓய்வுப் பணத்தில் நாலைந்து ஏக்கர் செம்பனை வாங்கிப் போட்டிருக்கிறார். தோட்டத்திலேயே குத்தகைக்கு வேலை எடுத்து ஆள் விடுபவர்களும் உண்டு. உள்ளூரில் ஆள் கிடைக்காதபோது இவர்கள் வாசலில் வந்து நிற்பவன் வங்காளதேசத்தான், இந்தோனேசியன், நேப்பாளி, சில சமயம் நம் ஊர்ப்பக்கத்து மனிதனே. அவன் நீட்டும் பாஸ்போர்ட்டை வாங்கிப் படிக்க வேண்டிய முறை இப்போது நம்முடையது.

அதைப் படிக்கத் தெரியாமல் போனால் வரும் நஷ்டம் சின்னதல்ல. 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவு, செல்லத்தக்க பாஸ் இல்லாத அந்நியர் ஒருவரை வேலைக்கு வைத்தால், தலைக்கு 10,000 வெள்ளிக்குக் குறையாமல் 50,000 வெள்ளி வரை அபராதம் என்கிறது. ஓராண்டு வரை சிறையும் உண்டு. இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அப்படி வைத்திருந்தால் சிறை ஆறு மாதத்துக்குக் குறையாது, ஐந்து ஆண்டு வரை போகும், பிரம்படியும் சேரும். ‘தலைக்கு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கடையில் இரண்டு பேர் என்றால் ஆரம்பமே 20,000 வெள்ளி. ஒட்டுக்கடையில் அதைச் சம்பாதிக்க எத்தனை ஆயிரம் ரொட்டி சானாய் போட வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

யாருக்குப் பெர்மிட், யாருக்கு வேண்டாம்?

பெர்மிட்டைப் படிப்பதற்கு முன்னால், வந்து நிற்பவருக்குப் பெர்மிட் தேவைதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இங்கேதான் நம்மவர்களுக்கே அநியாயம் நடக்கிறது.

சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருப்பவர் நிரந்தர வாசி. 55பி பிரிவு குடிமக்களையும், நுழைவு அனுமதி பெற்ற நிரந்தர வாசிகளையும் விலக்கி வைத்தே பேசுகிறது. அந்நியத் தொழிலாளர்களைப் பற்றிய தொழிலாளர் சட்டப் பகுதியும் நிரந்தர வாசிகளுக்குப் பொருந்தாது. ஆகவே சிவப்புக் கார்டு பாட்டியைக் கடையில் பாத்திரம் கழுவவோ, தோட்டத்தில் களை எடுக்கவோ வைத்துக்கொள்ள எந்த வேலை பெர்மிட்டும் வேண்டாம். ‘சிவப்பா? ஐயோ, நமக்கு எதுக்கு வம்பு’ என்று கையை உதறுகிற முதலாளிகள் 1969-இலேயே நின்றுவிட்டவர்கள்.

மருமகள் கதை வேறு. தமிழ்நாட்டிலிருந்து கல்யாணம் செய்து அழைத்து வந்த பெண்ணுக்கு நீண்டகால சமூக வருகைப் பாஸ் கொடுப்பார்கள். அது கணவனோடு இங்கே குடியிருப்பதற்கான அனுமதி. வேலை செய்யும் அனுமதி அதனோடு தானாக வந்துவிடுவதில்லை. குடிநுழைவுத் துறையிடம் தனியாக விண்ணப்பித்து, அந்தப் பாஸிலேயே வேலைக்கான சம்மதக் குறிப்பை வாங்க வேண்டும். அந்தக் குறிப்பு இருக்கிறதா என்பதைத்தான் அவளை வேலைக்கு எடுக்கும் கடைக்காரர் பார்க்க வேண்டும். ‘நம்ம பக்கத்து வீட்டு மருமகள்தானே’ என்பது பாஸ் ஆகாது. குறிப்பு இருந்தால் தயங்காமல் வேலை கொடுக்கலாம்.

சுற்றிப் பார்க்க வந்தவரின் சமூக வருகைப் பாஸில் வேலைக்கு இடமே இல்லை. ‘பாஸ் காஸ்’ என்னும் சிறப்புப் பாஸும் அப்படித்தான். வழக்கோ, ஊர் திரும்பும் ஏற்பாடோ முடியும் வரை சிறிது காலம் தங்கவிடும் சீட்டு அது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கார்டு, அந்த ஆணையம் ஒருவரை அறிந்து பதிந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. அது குடிநுழைவுத் துறை கொடுத்த வேலை பாஸ் அல்ல.

நாலு வரியில் இருக்கிறது விஷயம்

உடலுழைப்பு வேலைக்கு வரும் அந்நியத் தொழிலாளருக்குக் கொடுப்பது ‘பாஸ் லாவாத்தான் கெர்ஜா செமெந்தாரா’, அதாவது தற்காலிக வேலை வருகைப் பாஸ். பி.எல்.கே.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பேச்சு வழக்கில் நாம் பெர்மிட் என்பது இதைத்தான். பாஸ்போர்ட்டின் ஏட்டில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். மின்வழியில் வெளியிட்டு அச்சிட்டு எடுப்பதும் இப்போது உண்டு. எந்த வடிவில் இருந்தாலும் அதில் படிக்க வேண்டியவை நாலே விஷயங்கள்: யாருக்கு, எது வரைக்கும், என்ன வேலைக்கு, யாரிடம்.

பெரும்பாலோர் இரண்டாவதை மட்டும் பார்க்கிறார்கள். தேதி தாண்டவில்லையா, சரி, வா வேலைக்கு. ஆனால் மாட்டிக்கொள்பவர்களில் பலரை மாட்ட வைப்பது நாலாவது வரிதான். இதைச் சும்மா சொன்னால் மனசில் ஒட்டாது. ஓர் உதாரணம் வைத்துக்கொண்டு பார்ப்போம்.

பேராக்கில் ஒரு பெரியவர். மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு ஏக்கர் செம்பனை வைத்திருக்கிறார். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை குலை வெட்டியாக வேண்டும். வழக்கமாக வெட்டுகிறவர் கால் முறிந்து படுத்துவிட்டார். மூன்று வாரம் ஆகிவிட்டது; பழம் உதிர்ந்து மரத்தடியில் சிவப்பாகக் கிடக்கிறது. இந்த நேரம் பார்த்து, ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டு ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஓர் இளைஞனை ஏற்றிக்கொண்டு வருகிறார்.

“அண்ணே, நல்ல வேலைக்காரன். ஜொகூர்ல ரெண்டு வருஷம் குலை வெட்டினவன். பெர்மிட்டு சுத்தமா இருக்கு, நவம்பர் வரைக்கும் ஓடும். எனக்கு ஒரு ஆயிரத்து ஐந்நூறு கொடுத்துட்டு ஆளை வச்சுக்குங்க.”

மாதம் மார்ச். பெரியவருக்கு எட்டு மாதம் கவலை விட்டது போல இருக்கிறது. ஆனாலும் அவசரப்படாமல், ஆபீசில் கிராணி வேலை பார்க்கும் மகளைக் கூப்பிடுகிறார். “இந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் படிச்சுப் பாரும்மா.”

அவள் முதலில் பார்ப்பது ஆளை. பாஸ்போர்ட்டில் உள்ள படமும் எதிரில் நிற்கும் முகமும் ஒன்றா? ஒன்றுதான். இரவல் பாஸ்போர்ட்டில் வேலைக்கு வந்து நிற்பவர்கள் உண்டு. ஒரே ஊர்க்காரர்கள், ஒரே வயது, தாடி வேறு வைத்திருந்தால் நமக்கு வித்தியாசம் தெரியாது. பிறந்த தேதியையும் அப்பா பேரையும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் போதும். தன்னுடையதைச் சொல்ல யாரும் யோசிக்க மாட்டார்கள்.

அடுத்து எண். பாஸ்போர்ட்டின் எண் ஒன்று, ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் பாஸ்போர்ட் எண் வேறொன்று! மகள் நிமிர்ந்து பார்க்கிறாள். இளைஞன் பையைத் துழாவி, முனை வெட்டிய பழைய பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டுகிறான். பழையது காலாவதியாகிப் புதியது எடுத்திருக்கிறான். ஸ்டிக்கர் பழைய எண்ணில் இருக்கிறது. இப்படி இரண்டையும் சேர்த்து வைத்திருந்தால் அது தப்பில்லை. பழைய புத்தகத்தைக் காட்ட முடியாமல், எண் மட்டும் மாறியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மூன்றாவது, தேதி. நவம்பர் 18 என்று இருக்கிறது. ஏஜெண்டு சொன்னது உண்மை. இங்கே பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பி.எல்.கே.எஸ். ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் பாஸ். பாஸ்போர்ட் உயிர் விடப் போகிற நிலையில் இருந்தால், பெர்மிட்டைப் புதுப்பிக்கும் நாளில் தொல்லை வரும். இவனுடைய பாஸ்போர்ட் புதியது, கவலையில்லை.

நாலாவது, தொழில் துறை. ‘பெர்லாடாங்ஙான்’ என்று போட்டிருக்கிறது. தோட்டத் துறை என்று அர்த்தம். குலை வெட்டும் வேலைக்குப் பொருத்தம்தான். ‘பெம்பினாஆன்’ என்றிருந்தால் கட்டுமானம். ‘பெர்கிட்மத்தான்’ என்றிருந்தால் உணவகம் போன்ற சேவைத் துறை. ‘பெர்தானியான்’ என்பது காய்கறி போன்ற விவசாயம். தோட்டத்துக்கென்று பெர்மிட் எடுத்தவனைச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவ வைக்கக் கூடாது. இந்த மாதிரிக் கலப்படம் ஏன் அடிக்கடி நடக்கிறது என்பதற்குக் காரணம் தேட வெகு தூரம் போக வேண்டாம். 2016-இல் தீபகற்பத்தில் வைத்த வரியில், தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு ஆண்டு லெவி 640 வெள்ளி. சேவைத் துறைக்கும் தொழிற்சாலைக்கும் கட்டுமானத்துக்கும் 1,850 வெள்ளி. மலிவான கதவு வழியாக உள்ளே கொண்டுவந்து, வேறு அறையில் உட்கார வைத்துவிடுகிறார்கள்.

இது வரைக்கும் எல்லாம் சரி. பெரியவர் முகத்தில் வெளிச்சம். மகள் ஐந்தாவதாகப் பார்ப்பது முதலாளியின் பேர். அங்கே ஜொகூர்த் தோட்டக் கம்பெனி ஒன்றின் பேர் இருக்கிறது.

“அப்பா, இது நல்ல பெர்மிட்டுதான். ஆனா இது உங்க பெர்மிட்டு இல்லே.”

“அதான் ரெண்டு வருஷம் அங்க வேலை செஞ்சான்னு சொல்றாங்களேம்மா. இப்ப இங்க வந்துட்டான். மாத்திக்கிட்டாப் போச்சு.”

“மாத்த முடியாதுப்பா. பெர்மிட்டு அவன் சட்டை மாதிரி இல்லே, எங்க போனாலும் போட்டுக்கிட்டுப் போறதுக்கு. அந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது அது.”

ஏன் மாற்ற முடியாது?

மகள் சொன்னதில் சட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்நியத் தொழிலாளியை எடுக்கும் வேலை, தொழிலாளி நம் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே தொடங்குகிறது. முதலில் முதலாளி தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநரின் சம்மதத்தைப் பெற வேண்டும். 1955 வேலை வாய்ப்புச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி, இந்தச் சம்மதம் இல்லாமல் அந்நியரை வேலைக்கு வைப்பதே குற்றம். 60கே பிரிவு, 100,000 வெள்ளி வரை அபராதமோ, ஐந்தாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. சம்மதத்துக்குப் பிறகு எத்தனை ஆள் என்ற ஒதுக்கீடு, அப்புறம் லெவி, அப்புறம் அந்த ஆளின் பேரில் விசா அனுமதி, அவன் விமானத்தில் வந்து இறங்கியதும் ஒரு மாதத்துக்குள் வைத்தியச் சோதனை, தேறினால்தான் பி.எல்.கே.எஸ். இத்தனை படியிலும் ஒரே முதலாளியின் பேர்தான் கூட வருகிறது. கடைசிப் படியில் நின்றுகொண்டு பேரை மட்டும் அழித்து வேறு பேர் எழுத வழியில்லை. அரசாங்கம் சில சமயங்களில், சில துறைகளுக்கு, முதலாளி மாற்றத்தைத் தானே அனுமதித்ததுண்டு. அது துறையின் எழுத்து மூலமான சம்மதத்தோடு நடப்பது. மோட்டார் சைக்கிளில் வந்து நடப்பதல்ல.

இதனால், நம்மைத் தேடி வாசலுக்கு வரும் அந்நியத் தொழிலாளி யாராக இருந்தாலும், அவன் கையில் உள்ள பெர்மிட் எவ்வளவு நாள் பாக்கி வைத்திருந்தாலும், அது அநேகமாக இன்னொருவருடைய பெர்மிட்தான் என்று வைத்துக்கொண்டே படிக்க ஆரம்பிக்க வேண்டும். ‘பெர்மிட் இருக்கிறதா?’ என்பது அரைக் கேள்வி. ‘என் பேரில் இருக்கிறதா?’ என்பதுதான் முழுக் கேள்வி.

பெரியவருக்கு இன்னும் மனம் ஆறவில்லை. உதிர்ந்த பழம் கண்ணுக்குள் நிற்கிறது. அந்தக் கம்பெனியையே கேட்டுவிடலாம் என்கிறார். நல்ல யோசனை. ஏஜெண்டு உடனே ஒரு டெலிபோன் நம்பரைக் கொடுக்கிறார். மகள் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கம்பெனியின் நம்பரைத் தானே தேடி எடுக்கிறாள். ஏஜெண்டு கொடுக்கும் நம்பரில் எடுப்பவர் கம்பெனிக் கிராணியாகவும் இருக்கலாம், ஏஜெண்டின் மச்சானாகவும் இருக்கலாம் அல்லவா?

மறுமுனையில் கிடைத்த பதில் இது: அந்தத் தொழிலாளி ஜனவரியில் தோட்டத்தை விட்டுப் போய்விட்டான். பதினான்கு நாளுக்குள் தொழிலாளர் துறைக்குத் தெரிவித்தாயிற்று; குடிநுழைவுத் துறையிலும் புகார் செய்தாயிற்று.

அந்நியத் தொழிலாளி சொல்லாமல் போய்விட்டால் பதினான்கு நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது முதலாளிக்குச் சட்டம் இட்ட கடமை. அப்படி ஓடிப்போனவரின் பாஸைக் குடிநுழைவுத் துறை ரத்துச் செய்யலாம். ரத்துச் செய்தால் அது ஏட்டில் ரத்தாகும். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் தானாக உதிர்ந்து விழாது. நவம்பர் 18 என்ற தேதி அப்படியே பளபளவென்று இருக்கும். சோதனைக்கு வரும் அதிகாரி எண்ணைத் தட்டிப் பார்க்கும்போதுதான் செத்த பெர்மிட் என்று தெரிய வரும். தேதியை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அந்த இளைஞனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவன் இதையெல்லாம் அறிந்தே செய்தான் என்று சொல்லிவிட முடியாது. ‘பெர்மிட் இருக்கிறது, எங்கேயும் வேலை செய்யலாம்’ என்று ஏஜெண்டு சொன்னதை நம்பியிருப்பான். அதற்கும் காசு கொடுத்திருப்பான். பாஸின் நிபந்தனையை மீறியதற்குக் குற்றம் சாட்டப்படுபவன் அவன், ஏஜெண்டு அல்ல. பழைய இடத்தில் சம்பள பாக்கி இருந்துதான் ஓடி வந்தானென்றால், தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்க அவனுக்கு வழி உண்டு. அதைப் பெரியவர் அவனிடம் மலாயில் எடுத்துச் சொன்னார். ஏஜெண்டு அதற்கு முன்பே மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டிருந்தார். எட்டு ஏக்கரும் என்ன ஆயிற்று என்கிறீர்களா? பக்கத்து நிலக்காரர்கள் மூவரோடு சேர்ந்து, உள்ளூர் ஆட்களை வைத்துக் குலை வெட்டும் குத்தகைக்காரர் ஒருவரைப் பேசிப் பிடிப்பது என்று முடிவாயிற்று. டன்னுக்குக் கூலி கொஞ்சம் கூடத்தான்.

ரசீது பெர்மிட் ஆகாது

ஏஜெண்டுகள் நீட்டும் இன்னொரு வகைக் காகிதத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அரசாங்கம் அவ்வப்போது, அனுமதி இல்லாமல் இருக்கும் தொழிலாளர்களைப் பதிந்து சட்டப்படியாக்கும் திட்டங்களைக் கொண்டுவந்திருக்கிறது. 2011-இல் ‘6பி’ வந்தது. 2016-இலிருந்து 2018 வரை ‘ரீஹயரிங்’ நடந்தது. 2023-இல் ஆர்.டி.கே. 2.0 வந்தது. ஒவ்வொரு திட்டத்தின் போதும், பதிந்துகொள்ள விண்ணப்பித்த சீட்டையும் பணம் கட்டிய ரசீதையும் பெர்மிட் என்று சொல்லிக் காட்டுவது நடந்தது. முத்திரை, பட்டைக் கோடு, கொடிச் சின்னம் எல்லாம் அழகாக இருக்கும். அதில் ‘பெர்மோஹோனான்’ என்ற சொல் இருந்தால், விண்ணப்பம் என்று பொருள், கேட்டிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. திட்டம் முடிந்துபோன பிறகும் அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டு திரிபவர்கள் இருக்கிறார்கள். பாவம், அது செல்லும் என்றுதான் அவர்களிடம் சொல்லியிருப்பார்கள்.

பாஸ்போர்ட் இல்லாமல் கார்டை மட்டும் காட்டுபவரிடமும், நகலை மட்டும் காட்டுபவரிடமும் மேற்கொண்டு பேச வேண்டாம். நகலில் தேதியையும் பேரையும் மாற்றி ஒட்டிப் படம் எடுப்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் கை வந்த வேலை. ‘அசல் முதலாளியிடம் இருக்கிறது’ என்பார்கள். அப்படியானால் முதலாளி ஒருவர் இருக்கிறார் என்றாகிறது. அந்த முதலாளி நீங்கள் அல்ல.

தேதியை மறந்த முதலாளி

முறையாகத் தன் பேரிலேயே ஆள் எடுத்தவர்களுக்கும் ஒரு பொறி உண்டு. அதுதான் காலாவதித் தேதி. ஆள் நல்லவன், வேலை ஓடுகிறது, ஒரு வருடம் போனது தெரியவில்லை. நேற்று வரை சட்டப்படி வேலை செய்தவன், தேதி தாண்டிய மறுநாள் காலையில் அனுமதி இல்லாதவன் ஆகிவிடுகிறான். அதே 55பி அவனை வைத்திருக்கும் முதலாளி மீது பாயும். தேதி தாண்டித் தங்கிய தொழிலாளியின் மீது 15-ஆவது பிரிவு. அதில் 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பெர்மிட்டைப் புதுப்பிப்பது முதலாளியின் வேலை, தொழிலாளி கவுண்டரில் போய் நின்று செய்துகொள்ளக்கூடிய காரியமல்ல. இருந்தும் பெரிய அடி விழுவது அவன் மேல். 2018 ஜனவரியிலிருந்து லெவியையும் முதலாளிதான் கட்ட வேண்டும். சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

கவனமாக இருக்கும் கடைக்காரர் ஒருவர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். கல்லாப் பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கும் தினசரி நாள்காட்டியில், ஒவ்வொரு ஆளுக்கும் பெர்மிட் முடியும் தேதியில் ஒரு சிவப்பு வட்டம். அதற்கு மூன்று மாதம் முன்னால் இன்னொரு வட்டம். பாஸ்போர்ட் முடியும் ஆண்டை அந்த ஆளின் பேருக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருப்பார். முதல் வட்டம் வந்த வாரத்திலேயே புதுப்பிக்கும் காரியத்தைத் தொடங்கிவிடுவார். பாஸ்போர்ட் முடியும் நிலையில் இருந்தால், தூதரகத்தில் புதியது எடுக்க ஆளுக்கு லீவு கொடுத்து அனுப்புவார். தூதரகத்தில் எத்தனை நாள் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மூன்று மாதமும் பெரும்பாலும் அங்கேயே கரைந்துவிடுகிறது.

இன்னொரு இடத்துக்கு ஆளை அனுப்புவதிலும் கவனம் வேண்டும். நம் பேரில் பெர்மிட் உள்ள ஆள்தானே என்று, தம்பி கடையில் கல்யாண ஆர்டர் வந்த நாளில் நாலு நாள் உதவிக்கு அனுப்பினால், அங்கே அவன் வேறு முதலாளியிடம் வேலை செய்பவன். தம்பி பேரில் சம்மதம் கிடையாது. ‘காசு வாங்கலே, சும்மா உதவிக்குத்தான்’ என்ற சமாதானம் எடுபடும் என்று நம்பி யாரும் இறங்க வேண்டாம்.

எல்லாம் பார்த்து முடித்த பிறகு பாஸ்போர்ட்டை என்ன செய்வது? படமுள்ள பக்கத்தையும் பாஸ் ஒட்டிய பக்கத்தையும் நகல் எடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டு, அசலை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ‘ஓடிப் போகாமல் இருக்க’ என்று அலமாரியில் பூட்டி வைப்பது நம் ஊரில் வெகு சாதாரணமாக நடக்கிறது. பிறருடைய பாஸ்போர்ட்டைச் சட்டப்படியான அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பது 1966 கடப்பிதழ்ச் சட்டத்தின்படி குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. அவன் வைக்க இடமில்லை என்று சொன்னால், பூட்டுள்ள பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்துச் சாவியை அவனிடமே விட்டுவிடலாம். பெட்டி இருபது முப்பது வெள்ளிக்குக் கிடைக்கிறது.